வாசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்

அந்தக் கடிதத்தில் தேதி இல்லை. என் முதல் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

எனக்குத் தேதி இல்லாத தாளைக் கண்டால் ஆகாது. கல்லூரிக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எந்த மணிக்குப் பிடித்தது, எந்த மணிக்கு விட்டது, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம், வீட்டில் கடைசி மாம்பழம் என்றைக்கு நறுக்கினோம் என்பது வரை அதில் இருக்கும். கல்வெட்டுகளைப் பற்றியும் பழைய ஆவணங்களைப் பற்றியும் புத்தகங்கள் தேடிப் படிக்கிறவன். ஓர் ஆவணம் பொய்யா மெய்யா என்று பார்க்கிறவர்கள் முதலில் அதன் காலத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது நான் படித்ததில் மனதில் தங்கிய பாடம். ஆகவே மகள் சேர்ந்த மழலையர் பள்ளியிலிருந்து மூன்றாம் நாள் கொடுத்துவிட்ட கடிதத்தின் மூலையில், பெற்ற தேதியை நானே சிவப்புப் பேனாவில் எழுதினேன்.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் எட்டு நிமிடத் தூரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. முன்பு யாரோ குடியிருந்த வீட்டையே பள்ளியாக மாற்றியிருந்தார்கள். வாசலில் இரும்புக் கேட், உள்ளே சின்ன மணல்திட்டு, முன்னறையில் கொசுவலை அடித்த பெரிய ஜன்னல். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. மகளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பி இரண்டு மாதம்.

அவளைச் சேர்க்கக் காரணம் என் மனைவியின் வேலை. நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலை பார்த்தாள், பிரசவத்துக்காக விட்டாள். மூன்று வருடம் கழித்து அதே இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பள்ளி திறந்த ஐந்தாவது திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவள் ஏழு நாற்பது பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அப்படியானால் குழந்தையைக் காலையில் விடுவது, மதியம் அழைத்துவருவது, பிறகு என் கிடங்கிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. விசைத்தறியில் லுங்கியும் துண்டும் நெய்து வாங்கிக் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். நேரம் என் கையில். நான்கு வாரத்துக்குள் குழந்தை பள்ளியில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அவள் வேலை போனதுதான்.

கடிதம் ஒரே தாள், இரண்டு பக்கம், ஜெராக்ஸ். "அன்புள்ள பெற்றோருக்கு" என்று ஆரம்பித்து, காலையில் குழந்தையைப் பள்ளியில் விடும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. முந்தின இரவே குழந்தையிடம் மறுநாள் யார் கொண்டுபோய் விடுவார்கள், யார் வந்து அழைப்பார்கள் என்று சொல்லுங்கள். காலையில் அவசரப்படுத்தாமல் கிளப்புங்கள். முடிந்தவரை ஒரே ஆள் கொண்டுவந்து விடுங்கள். விடைபெறுவதற்கு என்று ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முத்தமோ கையசைப்போ, எதுவானாலும் தினமும் அதே மாதிரி. குழந்தையின் கையை ஆசிரியை கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். குழந்தை அந்தப் பக்கம் பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள். அப்படிப் போனால் மறுநாள் முதல் கண்ணை எடுக்காமல் உங்களையே பிடித்துக்கொண்டிருக்கும். பொய்க் காரணம் சொல்லாதீர்கள். மணிக்கணக்கு குழந்தைக்குப் புரியாது. "கதை முடிந்ததும் வருவேன்" என்று அதற்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். வீட்டுப் பொருள் ஒன்றை, அம்மாவின் கைக்குட்டை போல, பையில் வைத்துவிடுங்கள். அழுகை இயல்பு, பெரும்பாலும் நீங்கள் போனபின் சீக்கிரம் அடங்கும். விடுமுறை முடிந்து வரும் நாளில் மறுபடி வரலாம். வாரக்கணக்கில் குறையாமல், சாப்பிடாமல் இருந்தால் எங்களிடம் பேசுங்கள், தேவையானால் குழந்தை மருத்துவரிடமும் காட்டலாம்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு வரி இருந்தன. "வாசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். போனபின் திரும்பி வந்து எட்டிப் பார்க்கவோ, அருகில் நின்று கவனிக்கவோ வேண்டாம்."

இந்த இரண்டு வரிக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

"ஏனுங்க, பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்களா?" என்றாள் மனைவி.

"இதப் படிச்சியா? நாம ஏன் நிக்கக் கூடாதுங்கறாங்க?"

"நின்னா கொழந்த அழுவும். அதுக்குத்தான்."

"நம்மள வெளிய அனுப்பறதுல இவங்களுக்கு ஏன் இத்தன அவசரம்? கீழ பாரு. 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்'னு கையெழுத்துப் போட்டுக் கிழிச்சுக் குடுக்கணுமாம். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தச் சீட்டக் காட்டுவாங்க."

"கையெழுத்துப் போடாதீங்க. ஆனா அதுல சொன்ன மாதிரி செய்யுங்க. எனக்கு அந்தத் திங்கக்கெழம முக்கியம்."

கையெழுத்துப் போடவில்லை. மற்றபடி நான்காம் நாள் முதல் கடிதத்தில் இருந்த அத்தனையும் செய்தேன், அந்த இரண்டு வரியைத் தவிர.

எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டாயிற்று. கேட் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியதும் மகள் என் ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இழுத்துவிட்டு அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் "கதை முடிஞ்சதும் வாரேன் சாமி" என்பேன். அவள் கையை மிஸ் கையில் கொடுப்பேன். மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், குரல் மெதுவானது. மெதுவான குரல்காரர்களிடமும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கேட் மூடும்போது மகள் அழுவாள். நான் வண்டியைக் கிளப்பி, தெருக்கோடி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து, பள்ளிக்கு நேர் எதிரே இருந்த பேக்கரியின் பக்கத்துப் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்வேன். உள்மேசையிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். நான் இருப்பது வெளியே தெரியாது. டீ சொல்லிவிட்டு நோட்டைத் திறப்பேன்.

நான்காம் நாள்: 8.57 ஒப்படைத்தேன். 9.04 அழுகை, யாருடையது என்று தெரியவில்லை. 9.12 அடங்கியது. கதவைச் சாத்திவிட்டார்களா? 9.20 ஆயாம்மா வெளியே வந்து வாளித் தண்ணீரைக் கொட்டினார். முகத்தில் பதற்றம் இல்லை. 9.31 மறுபடி அழுகை.

ஆறாம் நாள்: 9.10 முதல் 9.25 வரை முழு அமைதி. பதினேழு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படி ஓர் அமைதி எப்படி வரும்? டிவி போட்டுவிட்டார்களா?

அழுதால் கவனிக்கவில்லை என்று எழுதினேன். அழாவிட்டால் மிரட்டியிருப்பார்கள் என்று எழுதினேன். இப்போது புரட்டிப் பார்த்தால் எந்தச் சத்தத்துக்கும் அந்த நோட்டில் நல்ல அர்த்தம் கிடையாது.

ஜன்னல் வழியே எதுவும் தெரியாது. காலை வெயில் நேராக அடிப்பதால் கொசுவலை வெளியிலிருந்து பார்க்கையில் தகரம் மாதிரி மின்னும். அதையும் எழுதிவைத்தேன்: "கிழக்கு ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமான வலை?"

பள்ளியிலிருந்து அவ்வப்போது வாட்ஸாப்பில் ஒரு வரி வரும். "பாப்பா இன்று ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். சிற்றுண்டி பாதி சாப்பிட்டாள்." இதே செய்தி ஐந்தாம் நாளும், எட்டாம் நாளும், ஒன்பதாம் நாளும். மனைவியிடம் காட்டினேன்.

"நின்றிருந்தாள்னு போட்டிருக்காங்க பாரு. இவ நின்னாளா, நிக்க வெச்சாங்களா?"

அவள் குழந்தையின் பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து, ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் தோறும் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மொத்தக் கடைகளில் ஆர்டர் எடுத்து வருவேன். அன்று மட்டும் பேக்கரியில் உட்கார முடியாது. குழந்தையை விட்டதும் நேரே பேருந்து நிலையம், மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில், மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மகள் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டில் மும்முரமாக இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். நான் அவளைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து. கடைகளில் விற்பனைக்கு மாட்டியிருக்கும் ஓடாத கடிகாரங்களெல்லாம் பத்து பத்தில்தான் நிற்கும். அழைக்கப் போனபோது மிஸ்ஸிடம் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். கடிகாரம் ஓடியது. என் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. அதற்கும் ஒரு வரி எழுதினேன்: "சரியாக வைத்திருக்கிறார்கள்." அந்த வரியைப் பாராட்டாக எழுதவில்லை.

வீட்டில் மகள் ஒரு புதுக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். மதியம் கேட் திறந்ததும் ஓடிவந்து, "அப்பா, பெட்ரோல் போட்டாச்சா?" என்பாள். "ஆச்சு சாமி" என்பேன். சாயங்காலம் வண்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றும்போது மறுபடி கேட்பாள். வண்டிகளில் ஆர்வம் வந்திருக்கிறது என்று குறித்துவைத்தேன். லாரியும் போர்வெல் ரிக்கும் ஓடுகிற ஊர்ப்பக்கத்தில் பிறந்த பிள்ளைதானே என்று மனைவியிடம் பெருமையாகவும் சொன்னேன்.

பேக்கரிக்காரர் என்னைவிட மூத்தவர். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் டீயை வைக்கும்போது நோட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, ஊட்ல டீ வெக்கறதில்லீங்களா?"

"வெப்பாங்க. இங்க நல்லா இருக்குது."

"இந்த டீயா? நானே குடிக்க மாட்டனுங்க." கொஞ்ச நேரம் நின்றார். "என்னங்க எழுதறீங்க? கத கிதயா?"

"சும்மா, கணக்குங்க."

"கேட்டப் பாத்துப் பாத்துக் கணக்கு எழுதறவரை இப்பத்தானுங்க பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பன் அடுக்கப் போய்விட்டார். அவர் அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை. பேசாததை நான் கவனித்தேன். காரணத்தைத்தான் தவறாக நினைத்துக்கொண்டேன். பள்ளிக்காரர்களுக்கு வேண்டியவர் போலிருக்கிறது என்று.

மூன்றாம் வாரம் முடிந்தது. அழுகை குறையவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மனைவி மெதுவாகச் சொன்னாள், "வேலைய வேண்டாம்னு சொல்லிடறேனுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

"அடுத்த வருசம் கூப்புடுவாங்களா?"

"மாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அதனால என்ன. புள்ள தெனமும் நின்னுக்கிட்டே இருக்குதாமா. எனக்கு அங்க ஊசி புடிக்கக் கை நிக்குமா?"

அடுத்த வாரம் வெள்ளி வரைக்கும் பொறு என்றேன். ஆதாரம் சேர்த்துக்கொண்டு போய்ப் பள்ளியை நேரில் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். நோட்டில் நாற்பது பக்கம் நிறைந்திருந்தது.

பதினெட்டாம் நாள், புதன்கிழமை. 9.25க்குப் பள்ளி கேட் திறந்தது. பள்ளியை நடத்தும் மேடம் வெளியே வந்தார். ஐம்பது வயது, கைத்தறிப் புடவை. பின்னால் ஆயாம்மா, கையில் விளக்குமாறு. இருவரும் சாலையைக் கடந்து நேராக பேக்கரிக்குள் வந்தார்கள். பேக்கரிக்காரர் என் மேசையைக் கண்ணால் காட்டினார்.

"நீங்களா சார்!" என்றார் மேடம்.

நான் எழுந்து நின்றேன்.

"மூணு வாரமா ஒரு ஆளு உள்ள மறஞ்சு உக்காந்து கொழந்தைகளப் பாத்துப் பாத்து எழுதறார்னு இவரு சொன்னாரு. நான் ஸ்டேஷனுக்கே போன் பண்ணப் பாத்தேன் சார்."

"நாந்தானுங்க பண்ணச் சொன்னேன்" என்றார் பேக்கரிக்காரர். "கோவிச்சுக்காதீங்க. எனக்கும் பேத்தி இருக்குது."

ஆயாம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "நான் மொதல்லயே சொன்னனுங்க மேடம். அம்மிணி தெனமும் சன்னல்ல நின்னுக்கிட்டு 'அப்பா வண்டி, அப்பா வண்டி'ன்னு கையக் காட்டும். செவப்பு ரிப்பன் கட்டுன வண்டி."

ஆயுத பூஜைக்கு என் ஸ்கூட்டர் கண்ணாடிக் கம்பியில் மகள்தான் அந்த ரிப்பனைக் கட்டவைத்தாள். வெயிலில் வெளுத்துப்போயும் அவிழ்க்க விடவில்லை. வெளியிலிருந்து தகரமாக மின்னும் அந்த வலை உள்ளிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் பேக்கரிக்குள் ஒளிந்திருந்தேன். வண்டி புங்கமரத்தடியில் ஒளியாமல் நின்றது.

ஆனாலும் விடவில்லை நான். "அவ சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

ஆயாம்மா மேடத்தைப் பார்த்தார். "அது வேற யாரோட வண்டியோ சாமி, ஒங்கப்பா எப்பவோ போயாச்சுன்னு சொன்னனுங்க. மிஸ்ஸும் அதேதான் சொன்னாங்க. நாங்க என்னத்தக் கண்டோம்."

"அப்ப நெசத்தச் சொன்ன கொழந்தகிட்ட மூணு வாரமா நீ சொல்றது பொய்னு சொல்லியிருக்கீங்க."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆமா சார். அது எங்க தப்பு. எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கணும்." பிறகு கையை நீட்டினார். "அந்த நோட்டக் காட்டறீங்களா?"

யாருக்கும் காட்டியதில்லை. கொடுத்தேன். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு ஆயாம்மாவை அனுப்பிப் பள்ளியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துவரச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மிஸ் தினமும் எழுதிவைப்பதாம்: எத்தனை மணிக்கு அழுகை நின்றது, எங்கே இருந்தாள், என்ன சாப்பிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. கடிதத்தில் தேதி போடத் தெரியாதவர்கள் இதில் போட்டிருந்தார்கள்.

இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். ஆறாம் நாள்: ஜன்னல், பதினொன்றரை வரை. அன்று எத்தனை டீ குடித்தேன் என்பது என் நோட்டில் இருந்தது. ஏழாம் நாள் செவ்வாய்: எட்டு நிமிடத்தில் அழுகை நின்றது, கட்டை அடுக்கினாள், முழுதும் சாப்பிட்டாள். அன்று என் நோட்டில் செவ்வாய்ப்பேட்டை. பன்னிரண்டாம் நாள் செவ்வாய்: ஐந்து நிமிடம், மணலில் விளையாடினாள். நேற்றைய செவ்வாய்: ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்துவிட்டாள், பாட்டுப் பாடினாள். மற்ற நாள் எல்லாம் ஜன்னல். நான் எழுந்து கிடங்குக்குப் போன பிறகுதான் ஒவ்வொரு நாளும் அவள் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறாள். நிமிடக் கணக்கு உட்படப் பொருந்தியது. இரண்டு தனித்தனி ஆவணம் ஒன்றையொன்று உறுதிசெய்தால் அதற்கு மேல் வாதமில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"ஒண்ணு மட்டும் புரியல சார்" என்றார் மேடம். "அவ அழறத நிறுத்திட்டு நடுவுல நடுவுல 'பெட்ரோல் போட்டாச்சா'ன்னு கேக்கறாளாம். மிஸ் எழுதியிருக்காங்க பாருங்க."

எனக்கு உடனே ஆயாம்மா மேல்தான் சந்தேகம் போனது. அழுகிற குழந்தையிடம் அப்பா பெட்ரோல் போடப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிச் சமாளித்திருப்பார்; நம் பக்கத்தில் யாரும் சொல்வதுதானே. கேட்டேவிட்டேன்.

ஆயாம்மா இடுப்பில் கை வைத்தார். "நானா? மொத நாளு கேட்டுல நீங்கதானுங்க சொன்னீங்க. பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தவ நானு."

"நான் சொல்லவே இல்லீங்க."

"நோட்டப் பாருங்க" என்றார் பேக்கரிக்காரர். அவர் பன் அடுக்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

முதல் நாள் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்துத்தான். "8.52 பள்ளி வாசல். காலைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் போட்டுவிட்டு உடனே வருவதாகச் சொல்லி நகர்ந்தேன். அழவில்லை. எளிதாக முடிந்தது." எளிதாக முடிந்தது என்பதன் கீழே ஒரு கோடு வேறு.

வீட்டிலும் அப்படித்தான் கிளம்புவேன். கிடங்குக்குப் போகிறேன் என்றால் அழுவாள். பெட்ரோல் என்றால் விட்டுவிடுவாள். கடிதம் வந்த நாள் முதல் பொய் சொல்லவில்லை. அதற்கு முந்தினதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் சேர்த்திருக்கிறாள். அப்பா பெட்ரோல் போட்டுவிட்டு உடனே வருவதாகச் சொன்னார். வண்டி எதிரே நிற்கிறது. ஆகவே இன்னும் போட்டு முடியவில்லை. அவள் அத்தனை நாள் நின்றது அடத்தால் இல்லை. கண்ணால் கண்டதை வைத்துச் சரியாக முடிவு செய்து காத்திருந்தாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"கடிதத்துல இருக்கறதுதான் சார். வண்டிய எடுத்துட்டு நெசமாவே போயிடுங்க. அப்புறம் அன்னைக்குச் சொன்னது பொய்னு அவகிட்டச் சொல்லிடுங்க."

"மூணு வயசுப் புள்ளகிட்டயா?"

"சின்னச் சின்ன வார்த்தையாச் சொல்லுங்க. நாங்களும் சொல்றோம், அது அப்பா வண்டிதான்னு."

அன்று சாயங்காலம் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். போடுகிற பையன் குழாயை வைத்தான், எண்கள் ஓடின, எடுத்தான். அவ்வளவுதான். சாவியைத் திருப்பி, பெட்ரோல் அளவு காட்டும் முள் மேலே ஏறுவதை அவளுக்குக் காட்டினேன்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு. பெட்ரோல் போட இவ்ளோ நேரந்தான் சாமி. அன்னைக்கு ஸ்கூல்ல பெட்ரோல் போடப் போறேன்னு சொன்னேன் பாரு, அது பொய். அப்பா போடல. டீக்கடையில உக்காந்திருந்தேன். இனிமே வேலைக்குப் போவேன். கத முடிஞ்சதும் வாரேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீ குடிச்சியா?" என்றாள்.

"ஆமா."

"பன்னு?"

"அதும் ஒரு நாளு."

இதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை என்று தோன்றியது. வீடு வரும்வரை முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் கண்ணாடியை இழுத்துவிட்டாள், இரண்டு தட்டுத் தட்டினாள், அழுதாள். நான் தெருக்கோடியில் திருப்பாமல் நேராகப் போனேன். கழுத்து வலிக்கிற மாதிரி இருந்தது. பேக்கரிக்காரர் கடை வாசலில் நின்று நான் போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. அன்று மிஸ்ஸின் செய்தி: "ஜன்னலில் சிறிது நேரம் தேடினாள். பிறகு வந்துவிட்டாள்." வெள்ளிக்கிழமை அழுகை கேட்டுக்குள் நுழையும்போதே பாதி குறைந்தது.

பிறகு சனி, ஞாயிறு. விடுமுறைக்குப் பின் அழுகை மறுபடி வரலாம் என்று கடிதத்தில் இருந்த வரியை அந்த இரண்டு நாளில் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. ஞாயிறு இரவு மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் அம்மா பேருந்தில் போவாள், அப்பா பள்ளியில் விடுவார், கதை முடிந்ததும் அப்பா வருவார், விளக்கு வைக்கும்போது அம்மா வருவாள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு மகள் வீட்டு வாசலில் ஒரு தரம் அழுதாள். மனைவி நழுவவில்லை, உட்கார்ந்து முத்தம் கொடுத்து, போய்ட்டு வாரேன் என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்கினாள். பள்ளி வாசலில் மறுபடி அழுகை, போன வாரத்தைவிடப் பெரிதாக. கண்ணாடி. இரண்டு தட்டு. மிஸ் கை. ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வண்டியைக் கிளப்பிக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து, பக்கத்துத் தறிக்கூடத்தில் துண்டு அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோட்டை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

9.40க்கு மனைவி கூப்பிட்டாள்.

"அழுதாளா?"

"அழுதா."

"நிறுத்தினாளா?"

"தெரியல."

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"கிடங்குல."

"நெசமாவா? பேக்கரியில இல்லையே?"

"சத்தியமா."

"தறிச் சத்தத்தக் கேக்க வைங்க பாக்கலாம்."

தறிக்கூடத்துக் கதவைத் தள்ளிக் கைப்பேசியை உள்ளே நீட்டினேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். காதில் வைத்தபோது, "செரி, செரி. காது போயிரும்" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது. "ஊசிக்கு ஆளு நிக்கறாங்க. வெக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கேட்டில் நின்றேன். மிஸ் மகளைக் கூட்டிவந்தார். கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொடுத்தேன். அதில் தேதிக்கு இடம் விடவில்லை, ஓரத்தில் எழுதியிருந்தேன். இன்று எத்தனை நிமிடம் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மகள் என்னைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரின் மேல் எக்கி, சாவியைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். முள்ளை உற்றுப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட அது ஒரு மயிரிழை கீழே இருந்தது.

"பெட்ரோல் போடல" என்றாள்.

"போடல சாமி."

"பன்னு?"

"திங்கல."

ஊதிப் பார்க்கச் சொல்கிற போலீஸ்காரர் மாதிரி என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். பிறகு முன்னால் ஏறி நின்று, ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.